லேப்டாப்பின் நீலத் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்களா? பதில் சொல்வதற்கு முன் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்

"லேப்டாப் ஆன் ஆகல, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று ஒரு படம் வந்து விழும். இன்னொரு போனில் அவசரமாக எடுத்தது, சாய்ந்திருக்கும், நடுவில் விளக்கு வெளிச்சம் அடித்திருக்கும், முக்கியமான வரி பாதிதான் தெரியும். பார்க்கிறவருக்குக் கொஞ்சம் விஷயம் தெரியும் என்றால் உடனே கை பரபரக்கும்: "விண்டோஸ் திரும்பப் போட்டுடுங்க", "டிஸ்க் போயிடுச்சு, மாத்திடுங்க". இந்த இரண்டு பதிலும் சில சமயம் சரியாகவே இருக்கும். ஆனால் படத்தை மட்டும் பார்த்துச் சொன்னால், சரியாக இருந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதும், எடுத்திருக்கக்கூடிய ஃபைல்களை அழித்துவிடுவதும் நடக்கும். படம் சொல்வது எங்கே நின்றது என்பதை மட்டும்தான். அதற்கு முன்னால் என்ன நடந்தது, அந்த லேப்டாப்பில் என்ன மாறியது என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எந்தக் கேள்வி கேட்பது என்பதைத் திரையே சொல்லும். படத்தைப் பார்த்தவுடன் நான் தேடுவது ஒன்றைத்தான்: இந்த வாசகத்தைத் திரையில் போட்டது யார்? மதர்போர்டில் இருக்கும் பயாஸா, அதற்கு அடுத்து வரும் பூட் மேனேஜரா, பாதி எழுந்துவிட்ட விண்டோஸா, அல்லது வெறும் பிரவுசர் பக்கமா? இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பெருமளவு சுருங்கிவிடும்.

படமே படிக்க முடியவில்லை என்றால்

ஊகித்து ஆரம்பிக்காதீர்கள், இன்னொரு படம் கேளுங்கள். எப்படி எடுப்பது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே மாதிரி இன்னொன்றுதான் வரும். ஃபிளாஷை அணைக்க வேண்டும். பின்னால் இருக்கும் விளக்கையும் முடிந்தால் அணைக்கலாம். திரைக்கு நேராக, ஒரு கை தூரம் தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து, எழுத்தின் மேல் ஒரு முறை தொட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். தொட்டால் கேமரா அந்த எழுத்துக்கு ஃபோகஸ் பிடிக்கும், வெளிச்ச அளவையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும், வெள்ளை எழுத்து பூத்துப்போகாது. முதலில் முழுத் திரை ஒரு படம், அப்புறம் எழுத்து இருக்கும் இடம் மட்டும் ஒன்று. மெசேஜ் ஆப் படத்தைச் சுருக்கி அனுப்பும் என்பதால், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் கடைசி எழுத்து வரை தெரியும்.

எழுத்து வந்து ஒரு நொடியில் மறைகிறது என்றால் படம் வேண்டாம், வீடியோ கேளுங்கள். பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே ரெக்கார்டிங் ஓட வேண்டும். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். வீடியோவில் இன்னொரு லாபம் உண்டு. பலரும் படம் எடுப்பது கடைசியாக வந்து நின்ற திரையை. ஆனால் உண்மையான காரணம் அதற்கு முன்னால் இரண்டு நொடி வந்து போன திரையில் இருக்கும். `Automatic Repair couldn't repair your PC` என்ற படத்தில் காரணம் எதுவும் இருக்காது. விண்டோஸ் எழ முடியாமல் போன பிறகு தானாகச் சரிசெய்யப் பார்த்து, அதுவும் முடியவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அதனால் "இதுக்கு முன்னாடி வேற ஏதாவது திரை வந்துச்சா?" என்ற கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: இந்தப் படம் இப்போது, இதே லேப்டாப்பில் எடுத்ததா? "இதே மாதிரிதான் வந்துச்சு" என்று இணையத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் நீலத் திரையில் ஒரு வார்த்தை மாறினாலும் வழி மொத்தமாக மாறிவிடும்.

கறுப்புத் திரை, இரண்டு மூன்று வரி வெள்ளை எழுத்து

`No bootable device`, `Boot Device Not Found`, `Operating System not found`, `Reboot and Select proper Boot device` மாதிரியான வரிகள், இல்லையென்றால் `Start PXE over IPv4` என்று ஓடிக்கொண்டிருக்கும் வரி. பேசுவது பயாஸ். விண்டோஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எதிலிருந்து பூட் செய்வது என்று பயாஸ் தேடிப் பார்த்து, எதுவும் கிடைக்காமல் நிற்கிறது. பிஎக்ஸ்இ வரி வந்தால் பலர் நெட்வொர்க் பிரச்சனை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை, டிஸ்க்கில் எதுவும் கிடைக்காததால் நெட்வொர்க் வழியாகப் பூட் செய்ய முடியுமா என்று அடுத்த இடத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே முதல் கேள்வி எளிது: பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் ஏதாவது செருகியிருக்கிறதா? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு முறை ஆன் செய்யச் சொல்லுங்கள். பழைய பென் டிரைவ் ஒன்று பூட் வரிசையில் முதலில் நின்றுகொண்டிருப்பதே காரணமாகச் சில சமயம் இருக்கும்.

அதில் சரியாகவில்லை என்றால் மிக முக்கியமான கேள்வி: பயாஸுக்குள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? உள்ளே போகும் சாவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், ஏசர், அசுஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் `F2`, எச்பியில் `F10`, லெனோவோவில் `F1` அல்லது `F2`. உள்ளே போனதும் எதையும் மாற்ற வேண்டாம், முதல் பக்கத்தையும் டிஸ்க் அல்லது ஸ்டோரேஜ் என்று இருக்கும் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று அழுத்திச் சொல்லுங்கள். தெரியாதவர்கள் உள்ளே போய்ப் பதற்றத்தில் எதையாவது மாற்றி சேவ் செய்துவிட்டால் இன்னொரு பிரச்சனை சேர்ந்துகொள்ளும்.

டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறது என்றால், டிஸ்க் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, பூட் வரிசையோ பூட் ஃபைல்களோதான் கெட்டிருக்கும். பெயரே தெரியவில்லை என்றால், லேப்டாப் கீழே விழுந்ததா, யாராவது கழற்றினார்களா, கொஞ்ச நாளாகவே மெதுவாக ஓடியதா, பழைய சுழலும் டிஸ்க்காக இருந்தால் டிக் டிக் என்று சத்தம் வந்ததா என்று கேளுங்கள். சத்தம் வந்தது என்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் தகவல் இன்னும் கெடலாம்.

நீலப் பின்னணி, சோகமுகம் இல்லை, ஃபைல் பெயர் ஒன்று இருக்கிறது

`Recovery` என்ற தலைப்பு, `Your PC/Device needs to be repaired`, அதற்குக் கீழே `File:` என்று ஒரு வரி, `Error code: 0xc...` என்று ஒரு வரி. இதையும் நீலத் திரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் இது வேறு. பயாஸ் டிஸ்க்கைக் கண்டுபிடித்துவிட்டது, பூட் மேனேஜரும் எழுந்துவிட்டது, விண்டோஸைத் தொடங்குவதற்குத் தேவையானதைத்தான் எடுக்க முடியவில்லை.

இங்கே எரர் கோடு மட்டும் போதாது, `File:` வரியும் வேண்டும். `\Boot\BCD` என்று முடிந்தால் எந்த விண்டோஸை எங்கிருந்து தொடங்குவது என்ற குறிப்பே கெட்டிருக்கிறது. `winload.efi` என்றால் குறிப்பு இருக்கிறது, அது காட்டும் இடத்தில் ஃபைலை எடுக்க முடியவில்லை. கோடு `0xc000000e` என்றால் தேவையான டிஸ்க் அல்லது பார்ட்டிஷன் கைக்கு எட்டவில்லை என்று அர்த்தம். அதனால் கேட்க வேண்டியது: சமீபத்தில் டிஸ்க்கை குளோன் செய்தீர்களா, புது எஸ்எஸ்டி போட்டீர்களா, பார்ட்டிஷனைப் பெரிதாக்கினீர்களா, இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டீர்களா, அப்டேட் ஓடும்போது பவர் போனதா? பெரும்பாலும் இதில் ஒன்றுக்கு "ஆமாம்" வரும். வந்தால் பாதி வேலை முடிந்தது.

நிஜமான நீலத் திரை

சோகமுகத்தோடு `Your PC ran into a problem` அல்லது `Your device ran into a problem` என்று வருவது. விண்டோஸ் 11-இல் 2025 நடுவிலிருந்து வந்த அப்டேட்களில் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது. சோகமுகமும் கியூஆர் கோடும் இல்லை. அதனால் "நீலமா இல்ல, கறுப்பாத்தான் இருக்கு" என்று சொன்னால் உடனே பயாஸ் பக்கம் போய்விடாதீர்கள், வாசகத்தைப் படியுங்கள்.

படத்தில் இரண்டு விஷயம் தேவை. ஒன்று `Stop code` வரி. இன்னொன்று `What failed` வரி, இது எல்லாப் படத்திலும் இருக்காது, இருந்தால் தங்கம். 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் படுத்தபோது திரையில் இருந்தது `PAGE_FAULT_IN_NONPAGED_AREA`. அதை மட்டும் பார்த்தால் ரேம் கெட்டுவிட்டது என்று யாரும் நினைக்கலாம். ஆனால் கீழே `csagent.sys` என்று இருந்தது, அது கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர். மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்ட அந்த விஷயத்தில், காரணத்தைக் கை காட்டியது அந்தச் சின்ன வரிதான். படத்தில் அந்த வரி வெட்டுப்பட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்ல வேண்டாம், அது பொதுவான ஓர் உதவிப் பக்கத்துக்குத்தான் போகும்.

அதே சமயம் `What failed: ntoskrnl.exe` என்று இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அது விண்டோஸின் மையப் பகுதி, வேறு எதுவோ செய்த தவறு அதன் தலையில் வந்து விடிந்திருக்கும்.

இந்தத் திரையில் ஸ்டாப் கோடைவிட, அது எப்போது வருகிறது என்பது முக்கியம். டெஸ்க்டாப் வரை வந்து கொஞ்ச நேரம் கழித்து வருகிறதா, லோகோ சுற்றும்போதே வருகிறதா? டெஸ்க்டாப் வருகிறது என்றால் உங்கள் முதல் பதில் எந்தச் சரிசெய்தலும் இல்லை, "முக்கியமான ஃபைலை முதல்ல வேற இடத்துக்கு எடுத்துடுங்க" என்பதுதான். அப்புறம், இது எத்தனையாவது முறை, ஒவ்வொரு முறையும் அதே கோடா? அதே கோடு, அதே ஃபைல் என்றால் ஒரு டிரைவரைச் சந்தேகிக்கலாம். முறைக்கு முறை கோடு மாறுகிறது, ஒரு நாள் `MEMORY_MANAGEMENT`, இன்னொரு நாள் `IRQL_NOT_LESS_OR_EQUAL` என்றால் ரேமை டெஸ்ட் செய்து பார்ப்பது நியாயம். குறிப்பிட்ட வேலை செய்யும்போது, கேம் ஆடும்போதோ மூடி திறக்கும்போதோ சார்ஜர் செருகியிருக்கும்போதோ மட்டும் வருகிறதா என்றும் கேளுங்கள். `WHEA_UNCORRECTABLE_ERROR` என்றால் ஹார்ட்வேர் பிழையை விண்டோஸுக்கு யாரோ தெரிவித்திருக்கிறார்கள், சூடு, மின்சாரம், பிராசசர், எஸ்எஸ்டி என்று எதுவாகவும் இருக்கலாம். அதனால் அங்கே விசிறி சத்தம், சூடு, பயாஸ் அப்டேட் பற்றிக் கேட்க வேண்டும்.

திரையில் சதவீதம் ஓடுகிறதா, `0% complete` என்பதிலேயே நிற்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சதவீதம், என்ன நடந்தது என்ற விவரத்தை டிஸ்க்கில் எழுதுவதன் அளவு. ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலேயே நின்றால் அந்த நேரத்தில் டிஸ்க்கில் எழுத முடியாமல் இருக்க வாய்ப்பு உண்டு, சந்தேகத்தை ஸ்டோரேஜ் பக்கம் திருப்பலாம்.

ரெக்கவரி கீ கேட்கும் திரை

`Enter the recovery key for this drive` என்றால் எதுவும் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. டிஸ்க் விண்டோஸின் பாதுகாப்புப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது, லேப்டாப்பில் ஏதோ மாறியதாக நினைத்து 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. விண்டோஸை முதல் முறை செட்டப் செய்யும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போயிருந்தால் பல லேப்டாப்களில் இது தானாகவே இயங்கியிருக்கும், வைத்திருப்பவருக்கே தெரியாது. திரையில் இருக்கும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தைக் கேளுங்கள், போனில் `aka.ms/myrecoverykey` திறந்து அதே ஐடி இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஆபீஸ் அல்லது காலேஜ் லேப்டாப் என்றால் கீ அங்கே இருக்கும் ஐடி ஆட்களிடம் இருக்கலாம். கீ ஐடியின் படம் வரலாம், 48 இலக்கக் கீயின் படம் உங்களுக்கு வரவே கூடாது. அதை அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படத்தில் ஒரு போன் நம்பர் இருக்கிறது

அது நீலத் திரையே இல்லை, முழுத் திரைக்கு விரித்த பிரவுசர் பக்கம். நிஜமான நீலத் திரையில் கூப்பிடச் சொல்லி நம்பர் வராது, மவுஸ் நகராது, குரல் எச்சரிக்கை ஓடாது. `Ctrl+Alt+Del` அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினால் போய்விடும், மூடவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கலாம். இங்கே கேட்க வேண்டியது ஒன்றே: அந்த நம்பருக்குக் கூப்பிட்டீர்களா? கூப்பிட்டு, அவர்கள் சொன்ன ஏதாவது ஆப்பை இறக்கி கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டிருந்தால் உடனே இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும், வேறு ஒரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும், பணம் போயிருந்தால் பேங்க்கைக் கூப்பிட வேண்டும். கேட்பவர் வெட்கப்பட்டு மறைப்பார், அதனால் குற்றம் சொல்லாமல் கேளுங்கள்.

ஒரு கேஸ், ஆரம்பத்திலிருந்து

ஒரு தம்பி அவன் அக்காவின் லேப்டாப்பைப் படம் எடுத்து அனுப்பினான். "அண்ணா, அக்கா லேப்டாப் நேத்துலேர்ந்து இப்படி வருது. காட்டுன இடத்துல எஸ்எஸ்டி போயிடுச்சுன்னு சொல்றாங்க. ப்ராஜெக்ட் எல்லாம் அதுலதான் இருக்கு." படத்தில் `Automatic Repair couldn't repair your PC`. வேறு ஒன்றும் இல்லை.

முதலில் வீடியோ கேட்டேன். வீடியோவில் லோகோ வந்து, வட்டம் சுற்றி, ஒரு நீலத் திரை பளிச்சென்று வந்து போனது. அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் `INACCESSIBLE_BOOT_DEVICE`. விண்டோஸ் எழ ஆரம்பித்துவிட்டது, ஆனால் தன்னுடைய டிஸ்க்கைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த இடம் வரை வந்ததே டிஸ்க்கிலிருந்து படித்துத்தான். ஆரம்பக் கட்டத்தில் படித்துக் கொடுப்பது பயாஸ். அப்புறம் விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்து டிஸ்க்கைப் பார்க்க வேண்டும், அந்தக் கைமாறும் இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அதனால் டிஸ்க் செத்துவிட்டது என்பது எனக்கு உடனே பொருந்தவில்லை.

"எஸ்எஸ்டி போச்சுன்னு எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டேன். ரிப்பேர் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பார்த்தார்களாம், டிஸ்க்கே வரவில்லையாம். அதை எனக்கும் செய்து காட்டச் சொன்னேன்:

```
diskpart
list disk
exit
```

இது பார்க்க மட்டும்தான், எதையும் மாற்றாது. வேறு எந்த கமாண்டும் இங்கே அடிக்க வேண்டாம், `clean` என்று யார் சொன்னாலும் அடிக்காதே, டிஸ்க்கில் இருக்கும் பார்ட்டிஷன் எல்லாம் போய்விடும் என்றும் சொன்னேன். வந்த படத்தில் `There are no fixed disks to show.` என்று இருந்தது.

அவர்கள் சொன்னது இதை வைத்துத்தான். ஆனால் அந்த ரிப்பேர் திரையும் அதே எஸ்எஸ்டியிலிருந்துதான் வருகிறது. பயாஸ் அதை அப்படியே ரேமுக்குள் ஏற்றிவிட்டுப் போய்விடும், அப்புறம் டிஸ்க் தெரியாவிட்டாலும் ரிப்பேர் திரை ஓடிக்கொண்டிருக்கும். அதாவது பயாஸுக்கு டிஸ்க் தெரிகிறது, விண்டோஸுக்கும் ரிப்பேர் திரைக்கும் தெரியவில்லை.

அடுத்த கேள்வி, நேற்று என்ன நடந்தது? "ஒண்ணுமே பண்ணல அண்ணா" என்றுதான் முதலில் வந்தது, எப்போதும் அப்படித்தான் வரும். அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்டேட் ஓடியதா? இல்லை. கீழே விழுந்ததா? இல்லை. யாராவது திறந்தார்களா? "ஆமா, ஃபேன் சத்தம் வருதுன்னு முந்தா நாள் க்ளீன் பண்ணக் கொடுத்தோம்." க்ளீன் செய்ய பேட்டரி கனெக்டரைக் கழற்றுவார்கள். சில மாடல்களில் அப்படிச் செய்தால் பயாஸ் செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பிவிடும். பயாஸ் முதல் பக்கத்தின் படம் கேட்டேன். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. எஸ்எஸ்டியின் பெயர் தெளிவாக இருந்தது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது: இதில் விண்டோஸ் எப்போதாவது புதிதாகப் போட்டார்களா? போட்டிருக்கிறார்கள், வாங்கிக் கொஞ்ச நாள் கழித்து. அப்போது எல்லாம் சேர்ந்து பிடிபட்டுவிட்டது. இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசசரிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற செட்டிங் ஆனில் வரும். அது ஆனில் இருந்தால் இன்டெல்லின் தனி டிரைவர் இல்லாமல் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியாது. டிரைவரை ஏற்றுவதற்குப் பதில் பலரும் விஎம்டியை அணைத்துவிட்டு விண்டோஸைப் போட்டுவிடுவார்கள், அதுவும் நன்றாகவே ஓடும். ஆனால் அப்படிப் போட்ட விண்டோஸிடம் அந்த டிரைவர் இருக்காது. இப்போது க்ளீன் செய்தபோது செட்டிங் ஃபேக்டரி நிலைக்குப் போய் விஎம்டி மறுபடி ஆனாகிவிட்டது. எஸ்எஸ்டி, விண்டோஸ், ஃபைல்கள் எல்லாம் நலம், நடுவில் ஒரு கதவு மூடிக்கொண்டது.

இங்கேயும் உடனே "பயாஸ்ல போய் மாத்து" என்று சொல்லவில்லை. பிட்லாக்கர் ஓடியிருந்தால் பயாஸ் செட்டிங்கை மாற்றிய பிறகு கீ கேட்கக்கூடும், கீ கையில் இல்லாமல் அந்தத் திரையில் போய் நிற்கக் கூடாது. அக்கா எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறார், அதில் இந்த லேப்டாப்புக்குக் கீ இருக்கிறதா என்று போனில் பார்க்கச் சொன்னேன். இருந்தது. அவரே எழுதி வைத்துக்கொண்டார். அப்புறம் இப்போது இருக்கும் பயாஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைக்கச் சொன்னேன், திரும்ப வர வேண்டியிருந்தால் வழி வேண்டும் அல்லவா.

இந்த செட்டிங் எங்கே இருக்கும் என்பது மாடலைப் பொறுத்தது, அதனால்தான் லேப்டாப்பின் அடியில் இருக்கும் லேபிளிலிருந்து மாடல் பெயரைக் கேட்க வேண்டும். லேபிளை அப்படியே படம் எடுத்து அனுப்பினால் சீரியல் நம்பரும் வந்துவிடும், அதை மறைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். டெல்லில் ஸ்டோரேஜ் பக்கத்தில் `RAID On`, `AHCI/NVMe` என்று இரண்டு தேர்வாக இருக்கும். அசுஸில் அட்வான்ஸ்டு பகுதியில் `VMD setup menu` என்று இருக்கும். சில ஏசர் மாடல்களில் மெயின் பக்கத்தில் `Ctrl+S` அழுத்தினால்தான் அந்த வரியே கண்ணுக்குத் தெரியும். தம்பி விஎம்டியை மட்டும் அணைத்து, தேதியைச் சரிசெய்து, சேவ் செய்து வெளியே வந்தான். ஒரு முறை கீ கேட்டது, கொடுத்தார்கள், டெஸ்க்டாப் வந்தது. முதல் வேலையாக ப்ராஜெக்டை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தார்கள்.

விஎம்டியை அணைத்தும் அதே கோடு வந்திருந்தால் அதைப் பழைய நிலைக்கே திருப்பி வைத்துவிட்டு, அப்டேட்டோ டிரைவரோ காரணமா என்று பார்க்கப் போயிருப்பேன். இதே திரை நேர் எதிர்த் திசையிலும் வரும்: கம்பெனி போட்டுக் கொடுத்த விண்டோஸ், விஎம்டி ஆனில் இருந்தபடி ஓடியது, யாரோ அணைத்துவிட்டார்கள். அப்போது ஆன் செய்ய வேண்டும். அதனால் "விஎம்டியை அணை" என்பதை எல்லோருக்கும் பொதுவான மருந்தாகச் சொல்லிவிடாதீர்கள். முன்பு எந்த நிலையில் ஓடியதோ அந்த நிலைக்குத் திருப்புவதுதான் விஷயம்.

பயாஸிலேயே எஸ்எஸ்டி பெயர் இல்லாமல் இருந்திருந்தால் என் பதில் வேறு. க்ளீன் செய்த இடத்தில் எஸ்எஸ்டியைச் சரியாகத் திரும்பப் பொருத்தாமல் விட்டிருக்கலாம், அதைக் கழற்றி மறுபடி பொருத்திப் பார்க்கச் சொல்லியிருப்பேன், அப்போதும் வரவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரிலோ யுஎஸ்பி அடாப்டரிலோ போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பேன். பிட்லாக்கர் இருந்தால் அங்கேயும் அதே கீதான் திறக்கும். பெயர் தெரிந்து, பார்ட்டிஷனும் தெரிந்து, ஃபைல் திறக்கும்போது மட்டும் நெடுநேரம் உறைகிறது என்றால் டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம். அப்போது `chkdsk /r` ஓட்டச் சொல்லாதீர்கள், அது டிஸ்க் முழுவதையும் படித்துத் துருவும், ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க் அதிலேயே நின்றுவிடலாம். முதலில் தேவையான ஃபோல்டர்களை மட்டும் வெளியே எடுக்க வேண்டும், ஒரே ஒரு பிரதி அதில்தான் இருக்கிறது, தொலைந்தால் திரும்பக் கிடைக்காது என்றால் கையை எடுத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.